வங்கி இருப்பு, ரொக்கம் தணிக்கை: ஆண்டுக் கடைசி எண் சரியாக இருந்தும் நடுவில் பணம் போய்வந்தால்?

31ஆம் தேதி ஸ்டேட்மெண்ட் கையில் இருக்கிறது. வங்கிச் சரிக்கட்டும் பட்டியலும் டாலி ஆகிறது. இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

அந்த இரண்டும் யார் கையிலிருந்து வந்தன என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் கம்பெனி அக்கவுண்டண்ட் கொடுத்தவையாகத்தான் இருக்கும். பணத்தைக் கையாள்கிறவரே ஸ்டேட்மெண்டையும் கொடுத்து, சரிக்கட்டும் பட்டியலையும் போட்டிருந்தால், இரண்டும் ஒத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு விஷயம், சரிக்கட்டும் பட்டியல் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறது. மற்ற 364 நாளும் கணக்கில் என்ன வந்தது, என்ன போனது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் வேலையை மூன்றாகப் பிரிக்கிறோம். வங்கியில் பணம் இருக்கிறதா என்று வங்கியையே நேரடியாகக் கேட்பது ஒன்று. கையிருப்பு ரொக்கத்தை நம் கண்ணெதிரே எண்ணவைப்பது ஒன்று. ஒரு காலத்துக்குள் நடந்த வரவு செலவு முழுவதையும் வங்கிக்கும் புத்தகத்துக்கும் ஒப்பிடும் ப்ரூஃப் ஆஃப் கேஷ் மூன்றாவது. இந்தப் பக்கத்தில் மூன்றாவதுக்குத்தான் அதிக இடம். முதல் இரண்டையும் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் செய்துவிடுகிறார்கள். மூன்றாவதைப் பாடப் புத்தகத்தோடு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

வங்கிக்குப் போக வேண்டிய உறுதிப்படுத்தல் கடிதத்தை "நாங்களே அனுப்பிவிடுகிறோம் சார்" என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

வேண்டாம். கம்பெனியிடம் வாங்க வேண்டியது, தகவலைத் தரலாம் என்று வங்கிக்கு அனுமதி கொடுக்கும் கையெழுத்து மட்டும்தான். எந்தக் கணக்குகளைக் கேட்பது, எந்த முகவரிக்கு அனுப்புவது, யார் தபாலில் சேர்ப்பது, பதில் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் ஆடிட்டர் கையில் இருக்க வேண்டும். சர்வதேசத் தணிக்கைத் தரமான ஐஎஸ்ஏ 505 கேட்பதும் இதைத்தான்: கோரிக்கை புறப்படுவதிலிருந்து பதில் வந்து சேரும்வரை கட்டுப்பாடு ஆடிட்டரிடம்.

இதில் அதிகம் கோட்டை விடும் இடம் முகவரி. கம்பெனி கொடுத்த முகவரிப் பட்டியலை அப்படியே நகல் எடுத்து உறையில் ஒட்டிவிடுகிறோம். 2012இல் அமெரிக்காவில் சரிந்த பெரெக்ரின் ஃபைனான்சியல் குரூப் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். அதன் தலைவர் வங்கியின் பெயரில் ஒரு தபால் பெட்டியை எடுத்துவைத்திருந்தார். வங்கிக்கென்று அனுப்பிய கடிதங்கள் அந்தப் பெட்டிக்குப் போயின. அவரே பதில் தயாரித்து அனுப்பினார். வாடிக்கையாளர் பணத்தில் 20 கோடி டாலருக்கு மேல் காணாமல் போயிருந்தும், பல ஆண்டுகள் எல்லாக் கடிதத்துக்கும் ஒழுங்காகப் பதில் வந்துகொண்டே இருந்தது. வங்கியிடமிருந்து மின்னணு முறையில் நேரடியாக உறுதி வாங்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆகவே முகவரியை வங்கியின் சொந்த இணையதளத்திலிருந்தோ தலைமை அலுவலகத்திடமிருந்தோ தனியாக எடுங்கள். மின்னஞ்சல் என்றால் டொமைன் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒரு எழுத்து மாறிய டொமைன் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

இருப்பு பூஜ்யமாக இருக்கிற கணக்குக்கும், மூடிவிட்ட கணக்குக்கும் கடிதம் எதற்கு?

பூஜ்யம் என்று சொல்வது புத்தகம்தானே, வங்கி இல்லையே. புத்தகத்தில் மூடியதாகக் காட்டிய கணக்கு வங்கியில் உயிரோடு இருந்தால், வசூல் அதற்குள் போய் வேறெங்கோ வெளியேறலாம். ஆண்டுக்குள் ஒரு நாளாவது நடப்பில் இருந்த எல்லாக் கணக்குக்கும் கேட்பதே பாதுகாப்பு.

இருப்போடு நிற்காமல் கடன், டெபாசிட்டின் மேல் உள்ள பிடிமானம், மற்றவர்களுக்காகக் கொடுத்த உத்தரவாதம், கையெழுத்து அதிகாரம் உள்ளவர்கள் பட்டியல் ஆகியவற்றையும் கேளுங்கள். டெபாசிட் இருப்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் அது இயக்குநருடைய வேறொரு நிறுவனத்தின் கடனுக்கு ஈடாகக் கட்டுண்டு கிடக்கும். அதைச் சாதாரண ரொக்கமாக இருப்புநிலைக் குறிப்பில் காட்ட முடியாது. எண்ணைச் சரிபார்த்துவிட்டு அடுத்த வரியைப் படிக்காமல் கோப்பில் போடுகிறவர்களுக்கு இது தெரியவே வராது. கேட்காத விஷயத்தை வங்கி தானாகச் சொல்லும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். தனக்குத் தெரிந்த கணக்கு எண்ணை மட்டும் பார்த்துப் பதில் எழுதும் கிளைகளும் உண்டு.

பதில் கடிதம் வந்துவிட்டது, லெட்டர்ஹெட், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கின்றன. இதையும் சந்தேகப்பட வேண்டுமா?

தொகை பெரிதாக இருந்தால், சந்தேகப்படத்தான் வேண்டும். 2003 டிசம்பரில் இத்தாலியின் பர்மலாட் விழுந்த கதை இப்படிப்பட்ட ஒரு காகிதத்தில்தான் நின்றது. கேமன் தீவுகளில் இருந்த பான்லாட் என்ற துணை நிறுவனத்தின் பெயரில் பேங்க் ஆஃப் அமெரிக்காவில் 395 கோடி யூரோ இருப்பதாக ஒரு கடிதம் காட்டியது. அப்படி ஒரு கணக்கே இல்லை, அந்தக் கடிதம் போலி என்று வங்கி சொன்னது.

2020இல் ஜெர்மனியின் வயர்கார்டு விவகாரத்தில் தொகை 190 கோடி யூரோ. பிலிப்பைன்ஸில் இரண்டு வங்கிகளில் அறங்காவலர் பொறுப்பில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பணம் அது. நிறுவனம் தங்கள் வாடிக்கையாளரே இல்லை, காட்டப்பட்ட ஆவணங்கள் போலி என்று அந்த வங்கிகள் மறுத்தன. பணம் எந்த வங்கியில் இருப்பதாகச் சொல்கிறார்களோ அந்த வங்கியின் வாயிலிருந்தே பதில் வர வேண்டும் என்பது இதில் தெரிகிற விஷயம். நடுவில் அறங்காவலர், ஏஜெண்ட், ஆலோசகர் யார் இருந்தாலும், அவர் சொல்வது வங்கி சொன்னதற்குச் சமம் ஆகாது.

செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. கடிதத்தில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு இல்லை, நீங்களே தேடி எடுத்த எண்ணுக்கு. கையெழுத்திட்டவர் அங்கே வேலை செய்கிறாரா, இந்தப் பதிலை அவர்தான் அனுப்பினாரா என்று கேளுங்கள். பேசியவர் பெயர், நாள், நேரம் மூன்றையும் வேலைத்தாளில் எழுதிவையுங்கள். கம்பெனி அக்கவுண்டண்ட் "வங்கியில் வேலை இருந்தது, அப்படியே வாங்கிவந்துவிட்டேன்" என்று உறையை நீட்டினால், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, இன்னொரு கோரிக்கையை நேரடியாக அனுப்புங்கள்.

ஆன்லைன் பேங்கிங்கில் திறந்து காட்டுகிறார்கள். அது போதாதா?

பிடிஎஃப் என்றால் போதாது, திருத்துவது சுலபம். உங்கள் கணினியில், வங்கி முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, கம்பெனிக்காரர் உங்கள் முன்னால் உள்நுழைந்து, இருப்பையும் பரிவர்த்தனைகளையும் நீங்கள் பார்த்தால் அது கணிசமான சான்றுதான். ஆனால் பிடிமானமும் உத்தரவாதமும் அந்தத் திரையில் தெரியாது. திறந்து காட்டாத கணக்கும் தெரியாது.

நினைவூட்டியும் வங்கி பதில் தரவில்லை.

இரண்டாவது கோரிக்கை, பிறகு தொலைபேசி. அதற்கும் வராவிட்டால் மாற்று வழி: அடுத்த மாத ஸ்டேட்மெண்டை வங்கியிடமிருந்து நேரடியாக வாங்கி, ஆண்டுக் கடைசியில் பாஸாகாமல் இருந்த காசோலைகளும் வழியில் இருந்த டெபாசிட்களும் அங்கே தீர்ந்தனவா என்று பார்ப்பது. வங்கியைக் கேட்க வேண்டாம் என்று நிர்வாகமே தடுத்தால் அது வேறு கதை. காரணத்தைக் கேட்டு, நியாயமாகப் படாவிட்டால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும். தணிக்கை அறிக்கையையும் அது பாதிக்கலாம்.

ரொக்கம் எண்ண வருவதை முன்கூட்டியே சொல்லலாமா?

சொல்லாமல் போவதே நல்லது. அதைவிட முக்கியம், பணம் இருக்கும் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் கட்டுப்பாட்டில் எடுப்பது. மூன்று காசாளர்கள் இருக்கும் இடத்தில் ஒருவர் பெட்டியை எண்ணி முடித்து அடுத்தவரிடம் போவதற்குள், எண்ணிய கட்டு அங்கே போய்க் காத்திருக்கும். ஆள் போதாவிட்டால் எண்ணாத பெட்டிகளுக்கு முத்திரை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்கவும்.

எண்ணுவது காசாளர், பார்த்துக் குறிப்பது நீங்கள். அவர் இல்லாத நேரத்தில் நோட்டைத் தொடக் கூடாது. முடிந்ததும் "இன்ன தொகை என் முன்னிலையில் எண்ணப்பட்டு முழுமையாக என்னிடம் திருப்பித் தரப்பட்டது" என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆரம்பிக்கும் முன் கடைசி ரசீது எண்ணையும் கடைசி வவுச்சர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், குறைகிற தொகைக்கு ஏற்ற வவுச்சர் மதியத்துக்குள் பிறந்துவிடும்.

எண்ணினோம், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அப்படியானால் முடிந்ததுதானே?

கூட்டுத்தொகை சரி, எதைக் கூட்டினோம் என்று பார்ப்போம். 50,000 நிலைநிதியாக உள்ள சில்லறை ரொக்கப் பெட்டியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: நோட்டும் நாணயமும் 31,400, செலவு வவுச்சர்கள் 12,600, ஊழியர் ஒருவரின் கைச்சீட்டு 4,000, ஒரு காசோலை 2,000. மொத்தம் சரியாக 50,000.

இதில் ரொக்கம் 31,400 மட்டும்தான். வவுச்சர்கள் இன்னும் புத்தகத்தில் ஏறாத செலவு. ஆண்டுக் கடைசி என்றால் அவற்றைச் செலவில் எழுத வேண்டும். கைச்சீட்டு ஊழியருக்குக் கொடுத்த முன்பணம். யார் அனுமதித்தார், சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேட்க வேண்டும். காசோலைதான் சுவாரசியமானது. தேதியைப் பாருங்கள். ஐந்து வாரத்துக்கு முந்தையது, கையெழுத்து காசாளருடையதே என்றால், யாரோ அவசரத்துக்கு மாற்றிய காசோலை இல்லை அது. பெட்டியில் குறைந்த 2,000ஐ அந்தக் காகிதம் மூடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கே வங்கியில் போடச் சொல்லி, பாஸ் ஆகிறதா என்று பாருங்கள்.

ஆண்டு முடிந்து ஆறு நாள் கழித்துத்தான் எண்ண முடிந்தது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஒத்துக்கொள்ளலாமா?

கணக்கு எளிது. ஜனவரி 6 மாலை எண்ணியது 68,300. அந்த ஆறு நாளில் வந்த ரொக்கம் 2,15,000, ரொக்கச் செலவு 41,000, வங்கியில் கட்டியது 1,52,000. எண்ணியதிலிருந்து வரவைக் கழித்து, வெளியே போனவற்றைக் கூட்டினால் டிசம்பர் 31 இருப்பு 46,300 வருகிறது. புத்தகத்திலும் அதே எண்.

ஒத்துப்போனதற்கு எவ்வளவு மதிப்பு என்பது அந்த 2,15,000ஐ எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. காசாளரின் ரொக்க ஏட்டைப் பார்த்து எழுதியிருந்தால், அவர் சொன்னதை வைத்து அவர் சொன்னதையே சரிபார்த்திருக்கிறோம். ரசீதுப் புத்தகத்தின் தொடர் எண்கள், விற்பனைப் பதிவு, வங்கியில் கட்டிய சீட்டில் வங்கியின் தேதி ஆகியவற்றிலிருந்து எடுத்தால்தான் அது சான்று.

ப்ரூஃப் ஆஃப் கேஷ் என்பது வங்கிச் சரிக்கட்டும் பட்டியலிலிருந்து எந்த விதத்தில் வேறு?

சரிக்கட்டும் பட்டியலுக்கு ஒரு பத்தி. ப்ரூஃப் ஆஃப் கேஷுக்கு நாலு: மாதத் தொடக்க இருப்பு, அந்த மாத வரவு, அந்த மாதச் செலவு, மாதக் கடைசி இருப்பு. முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் நமக்குப் பழகிய சரிக்கட்டும் பட்டியல்களே. நடுவில் இருக்கும் இரண்டும்தான் புதுசு, அங்கேதான் விஷயமும் இருக்கிறது.

ஒரு கணக்கின் டிசம்பர் மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் ஆயிரத்தில்.

| | நவ. 30 இருப்பு | டிச. வரவு | டிச. செலவு | டிச. 31 இருப்பு |
|---|---|---|---|---|
| வங்கி ஸ்டேட்மெண்ட்படி | 420 | 1,860 | 1,790 | 490 |
| வழியில் இருந்த டெபாசிட், நவ. 30 | +60 | −60 | | |
| வழியில் இருக்கும் டெபாசிட், டிச. 31 | | +85 | | +85 |
| பாஸாகாத காசோலைகள், நவ. 30 | −110 | | −110 | |
| பாஸாகாத காசோலைகள், டிச. 31 | | | +145 | −145 |
| புத்தகத்தில் ஏறாத வங்கிக் கட்டணம் | | | −2 | +2 |
| திரும்பிய காசோலை | | −30 | −30 | |
| சரிக்கட்டிய பின் | 370 | 1,855 | 1,793 | 432 |
| புத்தகப்படி | 370 | 1,615 | 1,553 | 432 |
| வித்தியாசம் | 0 | 240 | 240 | 0 |

வரிகளின் தர்க்கம் எளிது. நவம்பர் கடைசியில் வழியில் இருந்த 60, புத்தகத்துக்கு நவம்பர் வரவு, வங்கிக்கு டிசம்பர் வரவு. அதனால் தொடக்க இருப்பில் கூட்டி, டிசம்பர் வரவில் கழிக்கிறோம். நவம்பரில் எழுதிய 110க்கான காசோலைகள் டிசம்பரில்தான் பாஸாகின, ஆகவே வங்கியின் டிசம்பர் செலவிலிருந்து கழிகின்றன. டிசம்பர் கடைசி வரிகளுக்கும் இதே வழிதான்.

திரும்பிய காசோலை வரியில் பலரும் தடுக்குவார்கள். வாடிக்கையாளர் கொடுத்த 30 வங்கியில் வரவாகி, திரும்பியதும் செலவாகவும் ஏறும். புத்தகத்திலோ அக்கவுண்டண்ட் வரவையே குறைத்து எழுதிவிட்டார். கடைசி இருப்பு மாறாது, நடுப் பத்திகள் இரண்டும் மாறும். இதை விட்டுவிட்டால் குற்றமில்லாத ஒரு வித்தியாசத்தைத் துரத்திக்கொண்டு ஒரு நாள் போகும்.

எல்லாம் போட்டபின், இரண்டு முனையும் சுத்தம். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதச் சரிக்கட்டும் பட்டியலையும் யார் பார்த்தாலும் டிக் போட்டுக் கையெழுத்திடுவார். ஆனால் வங்கி வழியாக 2,40,000 வரவும் 2,40,000 செலவும் புத்தகத்துக்குத் தெரியாமல் நடந்திருக்கின்றன.

வரவிலும் செலவிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால், யாரோ திருடினார்கள் என்றுதான் அர்த்தமா?

அவசரப்பட வேண்டாம். ஸ்டேட்மெண்டின் ஒவ்வொரு வரியையும் புத்தகத்தோடு அடித்துக்கொண்டே வாருங்கள், அடிபடாமல் மிஞ்சுவது என்னவென்று பார்க்க.

கள்ளமில்லாத காரணங்கள் உண்டு. வங்கி தவறாக எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டிருக்கலாம். கணக்கு எண் பிழையால் அனுப்பிய பணம் திரும்பியிருக்கலாம். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மறுபடி கொண்டுவந்ததை அக்கவுண்டண்ட் "ரெண்டும் கழிஞ்சுபோச்சு" என்று எழுதாமலே விட்டிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஒரு ஜாடை உண்டு. போன தொகையே முழுதாகத் திரும்பும், பெரும்பாலும் ஓரிரு நாளில், வங்கியின் குறிப்பு எண்ணிலோ விவரத்திலோ முதல் வரியோடு தொடர்பு இருக்கும்.

நம் உதாரணத்தில் மிஞ்சியவை மூன்று வரிகள். டிசம்பர் 4இல் 2,40,000 வெளியே போகிறது. பெறுபவர் பெயர் எந்த சப்ளையர் பேரேட்டிலும் இல்லை. டிசம்பர் 22இல் 1,50,000 வருகிறது. 27இல் மிச்சம் 90,000 வருகிறது. அனுப்பியவர் பெயர் வேறு. மூன்று வாரம், இரண்டு தவணை, வேறு ஆள்: வங்கிப் பிழை இப்படித் திரும்புவதில்லை. யாரோ கம்பெனிப் பணத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, மாதம் முடியும் முன் வைத்துவிட்டார்கள். பணம் அனுப்பும் அதிகாரமும் சரிக்கட்டும் பட்டியல் போடும் வேலையும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் இது இத்தனை சுலபமாக நடக்கும்.

இங்கே நம் ஆட்கள் ஒரு காரியம் செய்வார்கள். நேரே காசாளரிடம் போய் "இது என்ன சார்?" என்று கேட்டுவிடுவார்கள். மறுநாள் ஒரு கடன் ஒப்பந்தமும் அனுமதிக் கடிதமும் பழைய தேதியோடு வந்து சேரும். அதற்கு முன்பே பெறுபவர், அனுப்பியவர் கணக்கு விவரங்களை வங்கியிடமிருந்து வாங்கிவிடுங்கள். அந்தப் பெயர்களை ஊழியர், உறவினர், இயக்குநர்களின் மற்ற நிறுவனப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முந்தைய மாதங்களையும் இதே மாதிரி போடுங்கள், முதல் தடவையே மாட்டிக்கொள்கிறவர்கள் குறைவு. பிறகு, சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று தோன்றுபவருக்கு ஒரு படியாவது மேலே இருப்பவரிடம் பேசுங்கள்.

பணம்தான் திரும்பிவிட்டதே, இழப்பு இல்லையே என்று நிர்வாகம் சொல்லலாம். இருப்பில் பிழை இல்லை என்பது சரி. ஆனால் கட்டுப்பாடு உடைந்திருக்கிறது, பட்டியல் போடுகிறவரின் நேர்மையே கேள்விக்குரியதாகிறது. அவர் கொடுத்த மற்ற காகிதங்களை இனி எந்த அளவுக்கு நம்புவது என்பதையும் திரும்ப யோசிக்க வேண்டும்.

எங்களுக்கு வித்தியாசம் தலைகீழாக வந்தது. புத்தகத்தில்தான் வரவும் செலவும் அதிகம், வங்கியில் குறைவு.

அப்படியென்றால் நடக்காத வரவும் நடக்காத செலவும் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கலாம். விற்பனையைப் பெரிதாகக் காட்டுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு: கற்பனை வாடிக்கையாளரின் பாக்கி பேரேட்டில் வயசாகிக்கொண்டே போகும், ஆடிட்டர் கேட்பார். அதனால் வசூலானதாக எழுதிவிடுவார்கள். வங்கியில் வராத பணம் இருப்பில் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால், அதே மாதம் அதே அளவில் ஒரு சொத்து வாங்கியதாகவோ முன்பணம் கொடுத்ததாகவோ எழுதிவிடுவார்கள். இருப்பு சரியாகிவிடும்.

இந்தத் திசையில் வித்தியாசம் வந்தால் காசாளரைவிட விற்பனைப் பதிவையும் அந்த மாதச் சொத்துச் சேர்க்கையையும் பாருங்கள். சாதாரணக் காரணமும் ஒன்று உண்டு. தவறாக எழுதிய பதிவை நீக்காமல் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்திருந்தால், புத்தகத்தில் இரு பக்கமும் ஊதிவிடும். எதிர்ப்பதிவுகளை முதலில் ஒதுக்கிவிட்டு மிஞ்சியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வங்கிக் கணக்குகளுக்கு நடுவே பணத்தைச் சுற்றவிடும் கைட்டிங் இதில் பிடிபடுமா?

பிடிபடாது. பலர் பிடிபடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டிசம்பர் 30 தேதியிட்ட காசோலையை 'அ' கணக்கிலிருந்து எழுதி, 31இல் 'ஆ' கணக்கில் போடுகிறார்கள். 'ஆ'வில் வரவு டிசம்பரிலேயே எழுதப்படுகிறது. 'அ'வில் செலவு ஜனவரி 2இல் எழுதப்படுகிறது, வங்கியில் 3இல் பாஸாகிறது. 'அ' கணக்கைப் பொறுத்தவரை டிசம்பரில் வங்கியிலும் ஒன்றும் இல்லை, புத்தகத்திலும் ஒன்றும் இல்லை; நாலு பத்தியும் ஒத்துப்போகும். ஒரே பணம் இரண்டு கணக்கிலும் இருப்பாகத் தெரியும்.

இதற்குத் தனி ஆயுதம், கணக்குகளுக்கு இடையிலான மாற்றங்களின் பட்டியல். ஆண்டுக் கடைசிக்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலு தேதி எழுத வேண்டும்: அனுப்பிய கணக்கில் புத்தகத் தேதி, வங்கித் தேதி, பெற்ற கணக்கில் புத்தகத் தேதி, வங்கித் தேதி. இரண்டு புத்தகத் தேதிகளும் ஆண்டின் ஒரே பக்கத்தில் விழ வேண்டும். கூடவே ஜனவரி முதல் இரண்டு வார ஸ்டேட்மெண்டை வங்கியிடமிருந்து நேராக வாங்குங்கள். டிசம்பர் தேதியிட்டு ஜனவரியில் பாஸான காசோலை, டிசம்பர் 31இன் பாஸாகாத பட்டியலில் இல்லாவிட்டால், கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வேறு எதை ப்ரூஃப் ஆஃப் கேஷ் தவறவிடும்?

வங்கியிலும் புத்தகத்திலும் ஒரே மாதிரி இருக்கும் எதையும். போலி சப்ளையருக்குப் போன பணம் புத்தகத்தில் கொள்முதலாக ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். ரசீது போடாமலே பாக்கெட்டில் போன ரொக்க விற்பனை இரண்டிலும் இருக்காது. ஒரு வாடிக்கையாளர் பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்தவர் பணத்தை முன்னவர் கணக்கில் எழுதும் லாப்பிங்கிலும், வங்கியில் போட்ட தொகைக்கும் ஏட்டில் உள்ள தொகைக்கும் வித்தியாசம் வராது, பெயர்கள்தான் மாறியிருக்கும். அதற்கு டெபாசிட் சீட்டின் விவரத்தை வாடிக்கையாளர் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும்.

பன்னிரண்டு மாதத்துக்கும், எல்லாக் கணக்குக்கும் போட வேண்டுமா?

தேவையில்லை. பணம் அனுப்புவதும் பட்டியல் போடுவதும் ஒரே ஆளிடம் இருக்கும் கணக்கை எடுங்கள், மாதத்துக்குப் போக்குவரத்து அதிகமாகவும் கடைசி இருப்பு எப்போதும் குறைவாகவும் இருக்கும் கணக்கை எடுங்கள். காலாண்டை ஒரே பட்டியலாகப் போடலாம், ஆண்டு முழுவதையும்கூடப் போடலாம், கோட்பாடு ஒன்றுதான். நீளமான காலம் எடுத்தால் ஒரு வசதி: ஒரு மாதத்தில் எடுத்து அடுத்த மாதம் வைத்ததும் உள்ளே விழும். கஷ்டம் என்னவென்றால் வித்தியாசம் வந்தபின் அதற்கான வரிகளைத் தேட நேரமாகும். ஸ்டேட்மெண்டை வங்கியிடமிருந்தே விரிதாள் கோப்பாக வாங்கி, தொகை வாரியாக இரண்டு பக்கத்தையும் பொருத்திவிட்டால், பெரும்பகுதி தானாக அடிபட்டுப்போய் மிச்சம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசி மாதத்தை மட்டும் எடுக்கிற பழக்கம் கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். ஆகஸ்டையோ பிப்ரவரியையோ சொல்லாமல் எடுங்கள்.